முடிவா, காரணமா? ஆய்வு நெறிமுறைக் குழுவின் கூட்டக் குறிப்பில் எதை எழுதுவது

மனிதர்களை உட்படுத்தும் எந்த மருத்துவ ஆய்வும் தொடங்குமுன் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். மருத்துவக் கல்லூரி வட்டாரத்தில் இதை 'எத்திக்ஸ் கமிட்டி' என்றே சொல்கிறார்கள். குழு கூடி, ஆய்வுத் திட்டத்தைப் படித்து, ஆய்வாளரைக் கேள்வி கேட்டு, முடிவெடுக்கிறது. பேசியது இரண்டு மணி நேரமாக இருக்கலாம். மிஞ்சுவது சில பக்கங்களில் அடங்கும் ஒரு கூட்டக் குறிப்பு, வழக்கில் சொல்வதானால் 'மினிட்ஸ்'. அந்தக் குறிப்பில் எவ்வளவு எழுதப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பல பதில்கள் வந்துள்ளன. முடிவை மட்டும் எழுதினால் போதும் என்பது ஒரு பதில். முடிவுக்கு வந்த காரணத்தையும் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. எழுதியதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு, தனித்தனிப் பலவீனமும் உண்டு.

இவற்றை வெறும் கொள்கையாகப் பேசினால் பிடிபடாது. எனவே செஞ்சி வட்டாரத்தில் நடக்கக்கூடிய ஓர் ஆய்வுத் திட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதன் மீது ஒவ்வொரு பதிலையும் வைத்துப் பார்க்கலாம்.

செங்கல் சூளைக்கு வரும் ஆய்வுத் திட்டம்

வெயிலில் கடும் உடலுழைப்புச் செய்பவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிறதா என்பது அண்மைக் காலத்தில் உலகெங்கும் கவனம் பெற்ற கேள்வி. நடு அமெரிக்காவில் கரும்பு வெட்டுபவர்களிடமும், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளிடமும், சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போவது கண்டறியப்பட்ட பிறகு, தமிழ்நாட்டிலும் அதைத் தேடுகிறார்கள்.

மாவட்டத்தில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவர் இப்படி ஒரு திட்டம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செஞ்சியைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் வேலை செய்யும் 150 பேரிடம், ஜனவரியில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும், வேலை தொடங்குமுன்பும் முடிந்தபின்பும் 5 மில்லிலிட்டர் ரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். கிரியாட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரக வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். மருந்து எதுவும் கொடுப்பதில்லை. உடலுக்கு ஏற்படும் இடர் ஊசி குத்தும் வலியோடு சரி.

காகிதத்தில் பார்த்தால் எளிய திட்டம். சூளையில் பார்த்தால் அப்படியில்லை. அங்கே வேலை செய்பவர்களில் இருளர் குடும்பங்கள் கணிசம். வேலைக்கு வருமுன்பே முன்பணம் வாங்கியிருப்பார்கள், அந்தக் கணக்கு மேஸ்திரியிடம் இருக்கும். கூலி அறுத்த கல்லின் எண்ணிக்கைப்படி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. ரத்தம் கொடுக்க அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த அரை மணி நேரக் கல் போயிற்று. மேஸ்திரி 'டாக்டர் வந்திருக்காங்க, போய்க் கை கொடு' என்றால் மறுத்துப் பேசும் நிலையில் யார் இருக்கிறார்கள்?

மருந்துப் பரிசோதனை அல்லாத இதுபோன்ற ஆய்வுகள், 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின் நான்காம் அத்தியாயத்துக்குள் வருகின்றன. இவற்றைப் பார்க்கும் குழு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும். அந்த வழிகாட்டியின்படி குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருந்தால்தான் கோரம். நிறுவனத்தைச் சாராதவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். மருத்துவமோ அறிவியலோ அறியாத பொது உறுப்பினரும் இருப்பது நல்லது. தலைவர் வெளியிலிருந்து வருபவர், உறுப்பினர் செயலர் உள்ளேயிருந்து வருபவர். குறிப்பு எழுதும் பொறுப்பு செயலருடையது. இந்த அமைப்பே பின்னால் பேசப்போகும் சிக்கல்களில் ஒன்றின் மூலம்.

குழு சொல்லக்கூடிய முடிவுகளையும் வழிகாட்டி வகுத்துள்ளது. அப்படியே அனுமதி, சிறு திருத்தங்களுடன் அனுமதி, பெருந்திருத்தம் செய்து மீண்டும் வருக, நிராகரிப்பு. சிறு திருத்தம் என்றால், திருத்திய தாளைச் செயலரே பார்த்து அனுமதிக் கடிதம் கொடுத்துவிடலாம். பெருந்திருத்தம் என்றால் முழுக் குழுவின் முன் மறுபடி வர வேண்டும். ஒரே கவலையை எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதை மறுபடி பார்க்கப்போவது ஒரு ஜோடிக் கண்ணா, ஏழு ஜோடிக் கண்ணா என்பது தீர்மானமாகிறது. குறிப்பில் காரணம் எழுதப்படாவிட்டால் அந்தப் பெட்டிப் பிரிப்பு சரியா என்று எவராலும் சொல்ல முடியாது.

முடிவு மட்டும் போதும்

முதல் நிலைப்பாட்டின்படி நம் சூளை ஆய்வுக்கான குறிப்பு இப்படி இருக்கும்: 'திட்டம் விவாதிக்கப்பட்டது. ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் திருத்தித் தருமாறு ஆய்வாளர் கேட்டுக்கொள்ளப்பட்டார். சிறு திருத்தங்களுடன் அனுமதிக்கப்பட்டது.'

மூன்று வாக்கியம். நம் நாட்டில் பெரும்பாலான குறிப்புகளின் நடை இதற்கு அருகில்தான் இருக்கும் என்று இத்துறையில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை, இதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. குழு உறுப்பினர்கள் தங்கள் வேலைக்கு நடுவே வருபவர்கள். ஒரே பிற்பகலில் இருபது முதுநிலை ஆய்வுத் திட்டங்கள் வரிசையில் நிற்கும். தவிர, நெறிமுறைக் குழு முதலில் சக ஆய்வாளர்களின் நம்பிக்கை அடிப்படையில் உருவான ஏற்பாடு. 1966 பிப்ரவரியில் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவரின் ஆணை, அரசு நிதி பெறும் ஆய்வுகளை நிறுவனத்தின் சக அறிஞர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, பார்த்தார்கள் என்ற உறுதிமொழிதான் மையமாக இருந்தது. எப்படிப் பார்த்தார்கள் என்று அவிழ்த்துக் காட்டுவது பிறகு வந்த தேவை. இந்தியாவில் 1980இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட முதல் கொள்கை அறிக்கையும் குழு அமைப்பதைத்தான் முதன்மையாக வலியுறுத்தியது.

இன்னொரு வாதம் வெளிப்படையான பேச்சைப் பற்றியது. 'இந்தப் பேராசிரியரின் மாணவர் போன முறையும் மேஸ்திரி மூலமாகத்தான் ஆள் சேர்த்தார்' என்று ஒரு உறுப்பினர் சொல்ல வேண்டுமானால், அது பெயரோடு எழுதப்படாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். அவர் அதே கல்லூரியில் இளைய ஆசிரியராக இருந்தால் இன்னும் வேண்டும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பெயரை விடச் சொல்கிறதே தவிர, காரணத்தை விடச் சொல்லவில்லை. 'ஆள் சேர்ப்பில் மேஸ்திரியின் பங்கு குறித்துக் கவலை எழுப்பப்பட்டது' என்று எழுதினால் யார் மானமும் போவதில்லை. முடிவு மட்டும் போதும் என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள்.

காரணம் வேண்டும்

1981 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு விதிகள் இந்தக் கேள்விக்கு இன்றளவும் நிற்கும் ஒரு விடையைத் தந்தன. கூட்டக் குறிப்பில் வந்தவர் யார், எடுத்த முடிவு என்ன, ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என வாக்கு எத்தனை, திருத்தம் கேட்டதற்கோ நிராகரித்ததற்கோ அடிப்படை என்ன, சர்ச்சைக்குரிய விஷயங்கள் எப்படி விவாதிக்கப்பட்டு எப்படித் தீர்ந்தன என்பதன் சுருக்கம் ஆகியவை இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, விதி எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கவில்லை. மாற்றச் சொன்னதற்கும் மறுத்ததற்கும்தான் அடிப்படை கேட்கிறது. சர்ச்சை இல்லாமல் அனுமதித்ததற்குக் காரணம் எழுதத் தேவையில்லை. பின்னர் வெடித்த பல பிரச்சினைகள் சர்ச்சையே எழாமல் அனுமதிக்கப்பட்ட திட்டங்களில் இருந்தவை என்பதை நினைத்தால், இது சிறிய ஓட்டை அல்ல.

விதியைக் காகிதத்தில் வைத்திருந்தவர்களும் அதைக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. 2001 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா ஆராய்ச்சிக்காக ஹெக்ஸாமெதோனியம் என்ற பொருளைச் சுவாசித்த ஆரோக்கியமான இளம் தன்னார்வலர் ஒருவர் இறந்தார். அடுத்த மாதம் கூட்டரசு அலுவலகம் அங்கே அரசு நிதியில் நடந்த மனித ஆய்வுகளை நிறுத்திவைத்தது. விசாரணையில் தெரிந்தவற்றுள் ஒன்று, குழுவின் பல கூட்டங்களுக்குக் குறிப்பே தயாரிக்கப்படவில்லை என்பது. பெரும்பாலான திட்டங்கள் முழுக் குழுவில் தனித்தனியாக விவாதிக்கப்படவும் இல்லை. குறிப்பு எழுதாததால் மரணம் நேர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பொருளின் நுரையீரல் பாதிப்பு பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரைகளைக் குழு கேட்டதா, கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது என்று பின்னால் தேடுவோருக்குப் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது என்பது மட்டும் உறுதி.

இதே அணுகுமுறையில் நம் சூளை ஆய்வின் குறிப்பை எழுதிப் பார்ப்போம்:

'ஒப்புதல் பெறும் இடம் சூளை என்றும், தொழிலாளர்களை ஒருங்கிணைப்பவர் மேஸ்திரி என்றும் திட்டத்தில் உள்ளது. முன்பணக் கடன் இருப்பதால் தொழிலாளர் மறுக்க இயலாத நிலை ஏற்படலாம் எனப் பொது உறுப்பினர் சுட்டினார். வேறு வழியில் ஆட்களை அணுக முடியாது என ஆய்வாளர் விளக்கினார். ஆய்வாளர் வெளியேறியபின் குழு விவாதித்தது. அணுகுவதற்கு மேஸ்திரி உதவலாம், ஒப்புதலின்போது அவரோ உரிமையாளரோ இருக்கக் கூடாது என முடிவாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது உடனிருக்கும் சாட்சி சூளையோடு தொடர்பற்றவராக இருக்க வேண்டும். இழக்கும் நேரத்துக்கு அன்றைய கல் கணக்குப்படி ஈடு தர வேண்டும். பரிசோதனை முடிவு தொழிலாளரிடம் மட்டும் தரப்படும், உரிமையாளருக்குத் தரப்படாது. வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இருப்பவரை யார், எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்று திட்டத்தில் இல்லை, சேர்க்க வேண்டும். ஆள் சேர்க்கும் முறையே மாறுவதால் இது பெருந்திருத்தம், முழுக் குழு மீண்டும் பார்க்கும். ஓர் உறுப்பினர் ஆய்வாளரின் வழிகாட்டி என்பதால் விவாதத்திலும் முடிவிலும் பங்கேற்கவில்லை.'

முந்தைய மூன்று வாக்கியத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் நீளத்தில் மட்டும் இல்லை. முதல் குறிப்பின்படி ஆய்வாளர் படிவத்தில் சில சொற்களை மாற்றிவிட்டு மறுவாரமே சூளைக்குப் போகலாம். மேஸ்திரி பக்கத்தில் நின்றபடி கைநாட்டு வாங்கலாம், அப்படி வாங்கினாலும் குழுவின் எந்த நிபந்தனையையும் அவர் மீறியவராக மாட்டார். இரண்டாவது குறிப்பை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் இல்லாத ஒருவர் சூளைக்குப் போய் சாட்சி யார் என்று கேட்டுச் சரிபார்க்க முடியும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் நடைமுறையில் தெரியும். அமெரிக்கக் குழுக்களின் கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்த சமூகவியலாளர் லாரா ஸ்டார்க், 2012இல் வந்த தமது நூலில் குறிப்புகளைத் தனியாக ஆராய்கிறார். யார் பின்னால் படிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு குழுவின் பேச்சையும் எழுத்தையும் வடிவமைக்கிறது என்பது அவர் காட்டும் போக்கு. தணிக்கைக்காரர் படிப்பார் என்று தெரிந்தால் குறிப்பு தணிக்கைக்காரருக்காகவே எழுதப்படும். 'இடருக்கும் பயனுக்கும் உள்ள விகிதம் ஆராயப்பட்டு ஏற்கத்தக்கது எனக் காணப்பட்டது' என்ற ஆயத்த வாக்கியம் எல்லாத் திட்டத்தின் கீழும் ஒட்டப்படும். காரணம் கேட்ட விதிக்குக் காரணத்தின் உருவம் மட்டும் கிடைக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரு குறிப்பின் காரண வாக்கியத்தை எடுத்து அதே கூட்டத்தின் வேறொரு திட்டத்துக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் அது காரணம் அல்ல.

எழுதுபவர் யார் என்பதும் இங்கே வருகிறது. உறுப்பினர் செயலர் அந்த நிறுவனத்தின் ஊழியர். கூட்டத்தில் சூடாக நடந்த விவாதம் அவர் கையில் தணிந்து போவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, தினமும் அதே வராந்தாவில் அதே பேராசிரியரைச் சந்திக்கும் நிலை போதும். தலைவர் வெளியாள் என்பதால் குறிப்பைத் திருத்த அவருக்கு உரிமையும் சுதந்திரமும் உண்டு. ஆனால் அவர் கைக்கு அது வருவது பல நாள் கழித்து, பேச்சு மறந்தபின்.

கம்மமும் திண்டுக்கல்லும்

சூளை மேஸ்திரி பற்றிய கவலை மிகையான கற்பனை என்று தோன்றினால் கம்மத்தைப் பார்க்க வேண்டும். 2009 ஜூலையில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், பாத் என்ற அமைப்பு மாநில அரசோடும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடும் செயல்விளக்கத் திட்டத்தைத் தொடங்கியது. குஜராத்தின் வதோதராவிலும் இது நடந்தது. சிறுமிகளின் மரணங்கள் குறித்த செய்திகளும் எதிர்ப்பும் வந்தபின் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாக அரசு விசாரணைக் குழு காணவில்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற முறை வேறு கதை. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த 72ஆவது அறிக்கை, ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டும் 2,763இல் விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்தும் இருந்ததை எடுத்துக்காட்டியது. பெற்றோர் தொலைவில் இருந்த பழங்குடிச் சிறுமிகளின் சார்பில் விடுதிக் காப்பாளர் ஒப்புதல் தந்திருக்கிறார்.

விடுதிச் சிறுமிகளுக்கு யார் ஒப்புதல் தருவார்கள் என்ற கேள்வி திட்டம் தொடங்குமுன் எந்த மேசையிலாவது கேட்கப்பட்டிருந்தால், அதற்கான பதில் ஏதேனும் ஒரு குறிப்பில் நிபந்தனையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்கப்படாமல் போவதற்கு ஒரு வழி, இது ஆய்வே அல்ல, ஏற்கெனவே உரிமம் பெற்ற தடுப்பூசியை வழங்கும் திட்டம் என்று வகைப்படுத்துவது. வகைப்படுத்தலும் ஒரு முடிவுதான். அதற்குரிய காரணமும் எழுதப்பட வேண்டியதே என்பதைக் கம்மம் காட்டியது.

திண்டுக்கல் வேறு வகை. 2000ஆம் ஆண்டு தொடங்கி அந்த மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் புளிக்காடித் திரவத்தைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் சோதனை கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தைக் குறைக்கிறதா என்று ஓர் ஆய்வு நடந்தது. 57 பகுதிகளில் 49,311 பெண்களுக்குச் சோதனை வாய்ப்பு அளிக்கப்பட்டது. மற்ற 57 பகுதிகளில் 30,958 பெண்கள் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2007இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி சோதனைக் குழுவில் நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தது. மலிவான ஒரு சோதனை உயிர் காக்கிறது என்பதற்கு உலகுக்கே கிடைத்த ஆதாரம் அது. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே போன்ற பேராய்வுகள் நடந்தன.

பின்னர் எழுந்த விமர்சனம் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. பாப் ஸ்மியர் சோதனை மரணத்தைக் குறைக்கும் என்று பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, சோதனையே இல்லாத குழு எதற்கு என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் கேட்டார். மூன்று ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் 254 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்ததை 2014இல் இந்திய மருத்துவ நெறியியல் இதழில் அவர் எழுதினார். எதிர்த்தரப்பின் பதிலும் வலுவானது. இந்தியாவில் அப்போது பரவலான பரிசோதனைத் திட்டமே இல்லை. பாப் ஸ்மியரை நடத்தும் ஆய்வகமும் ஆளும் கிராமங்களில் இல்லை. ஆகவே வழக்கமான வசதி என்பது பரிசோதனை இல்லாததுதான். ஒப்பீடு இல்லாமல் அரசை நம்பவைக்கும் ஆதாரம் கிடைத்திருக்காது.

இவர்களில் யார் சொல்வது சரி என்பது இங்கே தீர்க்க வேண்டிய விஷயமல்ல. கவனிக்க வேண்டியது காலம். ஹெல்சிங்கி பிரகடனம் 2000 அக்டோபரில் எடின்பரோவில் திருத்தப்பட்டபோது, புதிய முறை எதுவும் இருப்பதிலேயே சிறந்த முறையோடுதான் ஒப்பிடப்பட வேண்டும் என்ற வாசகம் கடும் சர்ச்சையைக் கிளப்பியது. திண்டுக்கல் ஆய்வு தொடங்கியதும் அதே ஆண்டு. அன்றைய குழு எந்த ஆதாரத்தை முன்வைத்து, எந்தக் கவலையை எழுப்பி, எப்படி ஏற்றுக்கொண்டது என்று தெரிந்தால், பதினான்கு ஆண்டுக்குப் பிறகு நடக்கும் விவாதம் அன்றைய அறிவை வைத்து நடக்கும். தெரியாவிட்டால் இன்றைய அறிவை வைத்து நடக்கும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் வாசகருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் 'நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது' என்ற ஒரு வரி. காரணம் எழுதிய குறிப்பு குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்று அஞ்சுகிறவர்கள், அதுவே குழுவின் சிறந்த தற்காப்பாகவும் அமையும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லோரும் படிக்கட்டும்

மூன்றாவது நிலைப்பாடு இங்கிருந்துதான் பிறக்கிறது. எழுதியது பூட்டிய அலமாரியில் இருந்தால் யாருக்கு என்ன பயன்? நியூசிலாந்தில் தேசிய அளவிலான சுகாதார நெறிமுறைக் குழுக்கள் தங்கள் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் கூட்டத்திலேயே தீர்ந்த நெறிமுறைச் சிக்கல்கள் ஒரு பகுதியாகவும், தீராமல் ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டியவை இன்னொரு பகுதியாகவும் எண்ணிட்டு எழுதப்படுகின்றன. அடுத்து விண்ணப்பிப்பவர் அவற்றைப் படித்து, குழு என்ன கேட்கும் என்று முன்பே தெரிந்துகொள்கிறார். சூளை ஆய்வுக்கு அப்படி ஒரு குறிப்பு பொதுவில் இருந்தால், அடுத்த மாவட்டத்தில் அரிசி ஆலைத் தொழிலாளரிடம் ஆய்வு செய்யப்போகும் மாணவர் மேஸ்திரி பற்றிய பாடத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுக்கள் தங்கள் பரிந்துரைகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. நிறுவனங்களின் நெறிமுறைக் குழுக்களுக்கு அப்படி ஒரு வழக்கம் வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் வணிக ரகசியத்தைக் காக்கும் 8(1)(டி) பிரிவும் தனிநபர் விவரத்தைக் காக்கும் 8(1)(ஜே) பிரிவும் மறுப்புக்கு வழி தருகின்றன. தனியார் மருத்துவமனை என்றால் நேரடியாகக் கேட்கும் வழியே அநேகமாக இல்லை.

வெளியிடுவதற்கு எதிரான வாதங்களில் வணிக ரகசியம் வலுவற்றது. ரகசியப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதை வெளியிடலாம். சூளை ஆய்வில் மறைப்பதற்கே எதுவும் இல்லை. வலுவான எதிர்ப்பு வேறு. நியூசிலாந்தின் குழுக்கள் அரசின் கீழ் பொதுவாக இயங்குபவை. உறுப்பினர்கள் ஆய்வாளரின் சக ஊழியர்கள் அல்ல. நம் குழுக்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் இருக்கின்றன. அங்கே வெளியீடு கட்டாயமானால் குறிப்பு மறுபடியும் மூன்று வாக்கியமாகச் சுருங்கிவிடக்கூடும். அமைப்பை மாற்றாமல் வெளியீட்டை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கத்தான் முடிகிறது.

எழுதிய நிபந்தனைக்குப் பிறகு

மூன்று நிலைப்பாடுகளும் கூட்டம் முடியும் இடத்தில் நின்றுவிடுகின்றன. சூளை ஆய்வில் தொடர்பற்ற சாட்சி என்று நிபந்தனை எழுதியாயிற்று. ஆய்வாளர் திருத்திய திட்டத்திலும் அப்படியே எழுதித் தந்தார், முழுக் குழுவும் ஏற்றது. மே மாத வெயிலில் சாட்சியாக வருவதாகச் சொன்ன கிராமச் செவிலியர் வராமல் போனால் யார் கைநாட்டுக்குச் சாட்சி? குழு நேரில் போய்ப் பார்க்கலாம் என்று 2017 வழிகாட்டி இடம் தருகிறது. போக வண்டியும் ஆளும் படியும் யார் கொடுப்பது என்பதற்கு அதில் விடை இல்லை. பெரும்பாலும் குழுவிடம் இருக்கும் ஒரே கருவி, ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் தரும் முன்னேற்ற அறிக்கை. அதைப் பார்க்கும் கூட்டத்தின் குறிப்பில் பழைய நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்டதாக இருந்தால் நல்லது. 'ஆண்டறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்ற வரிதான் வழக்கம். காரணம் எழுதப்பட்ட குறிப்பின் உண்மையான பயன் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் சோதிக்கப்படுகிறது என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. இதை அளந்து பார்க்கும் ஆய்வுகள் அரிது. எத்தனை குறிப்புகள் நீளமாக உள்ளன என்று எண்ணுவது சுலபம். எத்தனை நிபந்தனைகள் களத்தில் நடந்தன என்று எண்ணுவதற்குச் சூளைக்குப் போக வேண்டும்.

முடியாத கணக்கு

திறந்தே கிடக்கும் கேள்விகளில் பெயர் பற்றியது ஓரளவு தீரக்கூடியது. மாற்றுக் கருத்தை எண்ணிக்கையாகவும் காரணமாகவும் பதிந்து, சொன்னவர் பெயரை விட்டுவிடும் வழக்கம் பரவினால் பெரும்பாலான அச்சம் நீங்கும். பொது உறுப்பினர் ஒருவரே உள்ள குழுவில் 'பொது உறுப்பினர் சுட்டினார்' என்று எழுதினால் அது பெயரைச் சொன்னதுபோலத்தான்; மேலே தந்த மாதிரிக் குறிப்பிலும் அந்தச் சிக்கல் இருக்கிறது.

கடினமானது கால அளவு. குறிப்புகளை உள்ளடக்கிய ஆவணங்களை ஆய்வு முடிந்தபின் குறைந்தது மூன்றாண்டுகளும், மருந்துப் பரிசோதனை என்றால் ஐந்தாண்டுகளும் வைத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. மருந்தின் உடனடி விளைவைத் தேடும் ஆய்வுக்கு அது போதுமானதாக இருக்கலாம். திண்டுக்கல் போன்ற ஆய்வில் முடிவு வந்து ஏழாண்டு கழித்துத்தான் விவாதமே சூடுபிடித்தது. சூளைத் தொழிலாளியின் சிறுநீரகம் பத்தாண்டு கழித்து முழுதாகக் கெட்டால், அன்று கிரியாட்டினின் உயர்ந்திருந்தது அவருக்குச் சொல்லப்பட்டதா, சொல்ல வேண்டும் என்று குழு நிபந்தனை விதித்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதற்குள் அந்தக் கோப்பு விதிப்படி அழிக்கப்பட்டிருக்கலாம். ஆய்வின் மற்ற ஆவணங்களை அழித்தாலும் கூட்டக் குறிப்பை மட்டும் நிரந்தரமாக வைப்பது செலவு மிகுந்த காரியமல்ல. ஆயினும் நிரந்தரமாக வைக்கப்படும் குறிப்பை எழுதும் கை இன்னும் எச்சரிக்கையாகிவிடுமா என்ற கேள்விக்கு, முதல் நிலைப்பாட்டுக்காரர்கள் எழுப்பிய அதே சந்தேகத்தைத் தாண்டி, யாரிடமும் தெளிவான விடை இல்லை.